முதல் சம்பளம் எடுத்த கூட்டாளிக்கு என்ன எழுதி அனுப்புறது?

நெல்லியடியான் | 30 ஜூன் 2025, மாலை 6.12

கூட்டாளிக்கு இண்டைக்கு முதல் சம்பளம். யாழ்ப்பாண ரவுணில ஒரு தனியார் கொம்பனி, கணக்குப் பகுதி. இந்த மாசம் 16ஆம் திகதி சேர்ந்தவன். அடிப்படைச் சம்பளம் 60,000. எங்கட வட்ஸ்அப் குறூப்பில போட நான் எழுதி வைச்சது இது:

"வாழ்த்துக்கள் மச்சான்! 60 ஆயிரத்தை அள்ளீட்டாய், இனி நீ பெரிய ஆள். எங்களை மறந்திடாத. ட்ரீட் எப்ப?"

வாசிக்க ஆரும் ஆருக்கும் அனுப்பக்கூடிய மாதிரிக் கிடக்கு. அன்பு தெரியோணும், சின்னப் பகிடியும் வேணும். இரவுக்கு முன்னம் அனுப்போணும், திருத்தித் தாங்கோ.

கொக்குவிலான் | 30 ஜூன், 6.20

இதில என்ன பிழை? ட்ரீட் கேக்காமல் ஒரு வாழ்த்தா? கடைசி வரியை மட்டும் "றியோ ஐஸ்கிறீம் கடையில எத்தினை மணிக்கு நிக்கோணும்" எண்டு மாத்து. பகிடியும் வந்திடும், இடமும் முடிவாயிடும்.

சிட்டைக்காரி | 30 ஜூன், 6.41

தம்பி, அனுப்பாமல் கொஞ்சம் பொறுங்கோ. நான் சம்பளம் போடுற பக்கத்தில வேலை செய்யிற ஆள், அந்தக் கண்ணால பாத்துச் சொல்லுறன்.

அவர் 60 ஆயிரம் அள்ளேல்லை. 16ஆம் திகதி சேர்ந்தவருக்கு ஜூனில 15 நாள்தான் கணக்கு. மாசத்தை 30 நாளாப் பிரிக்கிற கொம்பனியெண்டால் 30,000 வரும். அதில ஈபிஎஃப் 8 வீதம், 2,400 ரூபா போகும். பாங்கில விழுந்தது 27,600. வேலை நாளை வைச்சுப் பிரிக்கிற இடமெண்டால் தொகை கொஞ்சம் மாறும், ஆனா 60 ஆயிரத்துக்குக் கிட்டவும் வராது.

இப்ப அவர்ர பக்கத்தில நிண்டு உங்கட வரியை வாசிச்சுப் பாருங்கோ. பாங்க் எஸ்எம்எஸ் இப்பதான் வந்திருக்கும், அதில 27,600. வீட்டில சொல்லி வைச்சது 60. "இவ்வளவுதானோ" எண்டு அம்மா கேட்டிருப்பா, அவர் விளக்கம் சொல்லிக் களைச்சிருப்பார். அந்த நேரம் குறூப்பில பத்துப் பேருக்கு முன்னால "60 ஆயிரத்தை அள்ளீட்டாய்" எண்டு வந்தால் ஓம் எண்டும் சொல்லேலாது, இல்லையெண்டும் சொல்லேலாது. ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டிட்டு போனைக் கவிட்டு வைப்பார்.

முதல் சம்பள வாழ்த்தில தொகை வரவே கூடாது. முதல் மாசச் சம்பளம் அனேகமா அரை மாசம், முக்கால் மாசம்தான். முதலாம் திகதி சேர்ந்த ஆளுக்கு மட்டுந்தான் முழுசு.

கொக்குவிலான் | 30 ஜூன், 6.50

அப்ப 8 வீத வரி வெட்டிப்போட்டாங்கள் எண்டு சொல்லுங்கோ. அரசாங்கத்தை வைச்சே ஒரு பகிடி போடலாமே. "உன்ர வரியிலதான் றோட்டுப் போடுறாங்கள்" எண்டு.

சிட்டைக்காரி | 30 ஜூன், 7.02

அது வரி இல்லை. மாசம் 1,50,000 வரைக்கும் சம்பளத்தில வருமான வரி பிடிக்கிறேல்லை, இந்த வருசம் ஏப்ரலில இருந்து அந்த எல்லை. 60 ஆயிரக்காரருக்கு வரியே கிடையாது.

8 வீதம் எண்டுறது அவர்ர பேரில சேருற காசு. அதோட கொம்பனி தன்ர கையால 12 வீதம் போடோணும். 30,000க்கு 3,600. ரெண்டும் சேர்ந்தால் 6,000 ரூபா அவர்ர பேரில கிடக்கும், 55 வயசில எடுக்கலாம். ஈடிஎஃப் 3 வீதம் வேறயா, அதையும் கொம்பனிதான் போடுறது, சம்பளத்தில வெட்டுறேல்லை. புதுசாச் சேர்ந்த பிள்ளையள் பே சிலிப்பில அந்த 2,400ஐ மட்டும் பாத்து மனம் சோர்ந்து போகுதுகள். கொம்பனி போடுற 3,600 கன இடத்தில வெட்டு நிரலில இருக்காது, அடியில தனியக் கிடக்கும். கண் அங்க போறேல்லை.

பகிடி வேணுமெண்டால் இதிலயே ஒண்டு இருக்கு. "27 உனக்கு, 6 உன்ர 55 வயசுக்காரனுக்கு. அந்தக் கிழவனுக்கும் என்ர வாழ்த்தைச் சொல்லிவிடு." ஆனா இதில தொகை வந்திட்டுது பாருங்கோ. தொகையை எடுத்திட்டு, "சம்பளம் வந்ததுக்கு உனக்கு வாழ்த்து, ஈபிஎஃப் போனதுக்கு உன்ர 55 வயசுக்காரனுக்கு வாழ்த்து" எண்டு மட்டும் விட்டால் கணக்குப் பகுதிப் பெடியனுக்கு உடன விளங்கும். கொம்பனி ஈபிஎஃப் பிடிக்குது எண்டு தெரிஞ்சால் மட்டும் போடுங்கோ. பிடிக்கவேண்டிய கொம்பனி பிடிக்காமல் விட்டிருந்தால் இந்தப் பகிடி அவர்ர புண்ணில விழும்.

வகுப்பறை | 30 ஜூன், 7.15

என்ர தங்கச்சிக்கும் போன மாசம்தான் வேலை கிடைச்சது, அவளுக்கும் இதை அனுப்பலாமெண்டு நினைச்சன். பொம்பிளைப் பிள்ளையளுக்கு ஈபிஎஃப் எடுக்கிற வயசு 50 எல்லோ? "55 வயசுக்காரி" எண்டு எழுதினால் அவள் என்னைத் திருத்துவாள்.

சிட்டைக்காரி | 30 ஜூன், 7.19

ஓம், பொம்பிளையளுக்கு 50. ஆம்பிளையளுக்கு 55. தங்கச்சிக்கு 50 எண்டே போடுங்கோ.

வகுப்பறை | 30 ஜூன், 7.23

அவள் ரீச்சர் நியமனம் எண்டு சொல்ல மறந்திட்டன்.

சிட்டைக்காரி | 30 ஜூன், 7.26

அப்ப இந்தப் பகிடியே வேண்டாம். நிரந்தர அரச நியமனத்துக்கு ஈபிஎஃப் இல்லை, அவைக்கு ஓய்வூதியம். அவவுக்கு வேற மாதிரி எழுதோணும், பிறகு வாறன்.

ஸ்காபரோ மாமா | 30 ஜூன், 7.40

தம்பி நெல்லியடியான், முதல் சம்பளத்துக்கு என்ர வாழ்த்துக்கள். காசை அப்பிடியே அம்மான்ர கையில குடுங்கோ. நல்லூரில ஒரு அர்ச்சனை செய்து, அயலுக்கு ஒரு இனிப்புப் பெட்டி. மிச்சத்தை பாங்கில போடுங்கோ. ஆனா 27,600 எண்டுறது இஞ்சத்தைக் காசில நூற்றுச் சொச்ச டொலர்தானே, அதில என்னத்தைச் சேமிக்கிறது. வெளிக்கிட ஏதும் வழி இருக்கோ எண்டும் பாருங்கோ.

நெல்லியடியான் | 30 ஜூன், 7.46

மாமா, சம்பளம் எனக்கில்லை, என்ர கூட்டாளிக்கு. எனக்கு இன்னும் வேலை சரிவரேல்லை. அவனுக்கு வாழ்த்து எழுதத்தான் கேட்டனான்.

திண்ணை | 30 ஜூன், 8.05

மாமா சொன்ன முதல் பாதி பொன்னானது. ரெண்டாம் பாதியைத் தயவுசெய்து ஒரு பெடியனுக்கும் எழுதாதேங்கோ. வெளிநாட்டுக் காசில மாத்திச் சொன்ன உடன முதல் சம்பளம் சில்லறையாப் போயிடும். இஞ்ச அந்தக் காசுக்கு ஒரு வேலை இருக்கு. கொடிகாமத்துக்கு அங்கால இருந்து வாற ஒரு பிள்ளைக்கு அது தம்பின்ர ஏ.எல். ரியூசன் காசு, அடைவு வைச்ச சங்கிலின்ர வட்டி, அம்மா போட்டுவாற சீட்டுக் காசு. வாழ்த்து அந்தப் பெறுமதியில நிண்டு பேசோணும்.

இனித் தம்பின்ர வாழ்த்துக்கு வருவம். ஒவ்வொரு வரியா எடுக்கிறன்.

"இனி நீ பெரிய ஆள்" எண்டால் நேற்று வரைக்கும் சின்ன ஆள் எண்டு ஒரு நிழல் பின்னால நிக்குது. வேலை தேடித் திரிஞ்ச காலத்தில ஆரோ ஒருத்தர் அப்பிடி நடத்தியிருப்பினம், அதை நீங்கள் ஞாபகப்படுத்த வேண்டாம். "எங்களை மறந்திடாத" எண்டுறது, சம்பளம் எடுத்த முதல் நாளே அவனைக் குற்றவாளிக் கூண்டில ஏத்துது. அவன் மறப்பானெண்டு ஆர் சொன்னது? "ட்ரீட் எப்ப" எண்டுறது கேள்வி, திகதி கேக்குது. ஆக நாலு வரியில ஒரு வரிதான் குடுக்குது. மற்றதெல்லாம் கேக்குது, பயப்படுது, அளக்குது.

அவனைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்டைச் சொல்லுங்கோ. நல்ல குணம், கடின உழைப்பு எண்டு வேண்டாம். கண்ணால கண்ட ஒரு பொருள், ஒரு பழக்கம், ஒரு இடம். அதில இருந்துதான் வாழ்த்தும் வரும், பகிடியும் வரும்.

நெல்லியடியான் | 30 ஜூன், 8.14

ஒவ்வொரு இன்ரவியூவுக்கும் ஒரே நீலச் சேட்டுத்தான் போட்டவன். கொலரில உள்பக்கம் தேஞ்சு வெள்ளையாப் போச்சு, அவன்ர அம்மா அதைப் பிரிச்சு மறுபக்கம் திருப்பித் தைச்சுக் குடுத்தவ. நெல்லியடியில இருந்து 750 பஸ்ஸில வந்து போறவன். மிச்சக் காசு பத்து ரூபாயெண்டாலும் வாங்காமல் இறங்கமாட்டான், கண்டக்டர்மாருக்கு இவனைத் தெரியும்.

திண்ணை | 30 ஜூன், 8.20

இதை வைச்சுக்கொண்டோ இவ்வளவு நேரமும் "வாழ்த்துக்கள் மச்சான்" எண்டு நிண்டனீங்கள்! சேட்டு வாழ்த்துக்கு, பத்து ரூபா பகிடிக்கு. எழுதிப் போடுங்கோ பாப்பம்.

நெல்லியடியான் | 30 ஜூன், 8.31

"மச்சான், சந்தோசமடா. தையல் விட்ட பழைய சேட்டோட எத்தினை இன்ரவியூவுக்கு அலைஞ்சனி, எத்தினை பேர் ஏலாதெண்டு சொன்னவை, கடைசியா வெண்டிட்டாய். இனி 750 இல பத்து ரூபாய்க்குச் சண்டை பிடிக்காத, அதை விட்டுக்குடுக்கிற வசதி வந்திட்டுது."

கொக்குவிலான் | 30 ஜூன், 8.35

இது நல்லாயிருக்கு. முதல் எழுதினதை விட எவ்வளவோ மேல்.

திண்ணை | 30 ஜூன், 8.44

மேல்தான். ரெண்டு இடம் குத்துது.

"ஏலாதெண்டு சொன்னவை" எண்டு தோல்வியை எண்ணிக் காட்ட வேண்டாம். கஷ்டத்தைச் சொல்லி வெற்றியைச் சொல்லுறது மேடைப் பேச்சுக்குச் சரி. கூட்டாளிக்கு அந்தச் சேட்டைச் சொன்னாலே போதும், மிச்சம் அவனுக்குத் தானா ஞாபகம் வரும். "பழைய", "தையல் விட்ட" ரெண்டையும் எடுங்கோ. அம்மா தைச்ச சேட்டு. "நீலச் சேட்டு" எண்டால் அது அன்பு, "பழைய சேட்டு" எண்டால் அது ஏழ்மை.

மற்றது பகிடி. "விட்டுக்குடுக்கிற வசதி வந்திட்டுது" எண்டுறது திரும்பவும் காசின்ர அளவைத்தான் பேசுது. பகிடியை மறுபக்கம் திருப்புங்கோ. அவன் மாறேல்லை, மாறவும் வேண்டாம், மிச்சக் காசை வாங்கிக்கொண்டே இறங்கட்டும். ஆளின்ர பழக்கத்தைப் பிடிச்சு, அதை விடாத எண்டு சொல்லுற பகிடி ஒருநாளும் நோகாது.

சிட்டைக்காரி | 30 ஜூன், 8.50

திண்ணை ஐயா சொன்னதோட ஒண்டு. கொம்பனியையோ மேலதிகாரியையோ வைச்சுப் பகிடி வேண்டாம். முதல் ஆறு மாசம் அனேகமா தகுதிகாண் காலம். ஒரு ஸ்கிறீன்சொட் போதும், எங்க போய் நிக்குமெண்டு தெரியாது. பே சிலிப்பைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேக்கவும் வேண்டாம். அதில அடையாள அட்டை இலக்கம், பாங்க் கணக்கு இலக்கம் எல்லாம் கிடக்கும்.

நெல்லியடியான் | 30 ஜூன், 9.02

இது சரியோ?

"மச்சான், சம்பளம் விழுந்திட்டுதாம் எண்டு கேட்டதில இருந்து எனக்குச் சிரிப்பு அடங்கேல்லையடா. உனக்கு வாழ்த்து, அம்மாவுக்கு வாழ்த்து, அந்த நீலச் சேட்டுக்கும் தனியா ஒரு வாழ்த்து. நாளைக்கு 750 இல மிச்சம் பத்து ரூபாயை வாங்காமல் இறங்கிடாத, சம்பளக்காரன் எண்டு கண்டக்டர் கண்டுபிடிச்சிடுவார். ஆறுதலா ஒரு கோல் எடு."

திண்ணை | 30 ஜூன், 9.06

இனி ஒண்டையும் தொடாதேங்கோ. அனுப்புங்கோ. குறூப்பில வேண்டாம், அவனுக்குத் தனிய.

கொக்குவிலான் | 30 ஜூன், 9.10

குறூப்பில ஏன் கூடாது? பத்துப் பேர் சேர்ந்து சொன்னால்தானே கொண்டாட்டம். தனிய அனுப்பினால் இரகசியம் மாதிரி இருக்கு.

வகுப்பறை | 30 ஜூன், 9.18

எங்கட குறூப்பில ஒண்டாப் படிச்சு பட்டம் எடுத்த பதினைஞ்சு பேரில அரைவாசிப் பேருக்கு இன்னும் வேலையில்லை. வாழ்த்து ஓடுற நேரம் அவையள் ஒரு சொல்லும் எழுதாமல் வாசிச்சுக்கொண்டு இருக்கினம், நீல ரிக் மட்டும் தெரியுது. வாழ்த்து வாங்கிற ஆளுக்கும் அது தெரியும்.

கொக்குவிலான் | 30 ஜூன், 9.25

அதுக்காக ஆரும் ஆருக்கும் வாழ்த்தே சொல்லாமல் இருக்கிறதோ? வேலையில்லாத ஆளுக்கும் கூட்டாளின்ர சந்தோசத்தில பங்கிருக்கு. மறைச்சால்தான் அவன் பிறத்தியாளாப் போறான். நான் இதில மாறமாட்டன்.

நெல்லியடியான் | 30 ஜூன், 9.33

வேலையில்லாத ஆள் நான்தான், எனக்குக் குறூப்பில வந்தால் ஒரு கவலையும் இல்லை. ஆனா எல்லாரும் என்னைப் போல எண்டு சொல்லேலாது. அவனே குறூப்பில சொல்லட்டும், சொன்ன பிறகு நாங்கள் எழுதுவம். தனிய இப்ப அனுப்பீட்டன்.

ஸ்காபரோ மாமா | 30 ஜூன், 9.50

நான் கேள்வியை மாறி விளங்கீட்டன் போல. சேட்டுக்கு வாழ்த்து எண்டது நெஞ்சில நிண்டிட்டுது. ஊரில என்ர மருமகனுக்கு போன கிழமை முதல் சம்பளம், நான் டொலர்க் கணக்குத்தான் சொன்னனான், பிள்ளை பதில் போடேல்லை. இப்ப அவனுக்கு எழுதலாமோ, பிந்தினால் சரியில்லையோ?

திண்ணை | 30 ஜூன், 10.02

ஒரு கிழமை பிந்தினது ஒண்டும் பிந்தலில்லை. "முதல் சம்பளத்தில என்னப்பன் வாங்கினனி?" எண்டு கேளுங்கோ. எவ்வளவு எண்டு கேக்காதேங்கோ. அம்மாவுக்கு ஒரு சீலை, அம்மம்மாவுக்கு ஒரு கண்ணாடி எண்டு ஏதோ ஒண்டு வாங்கியிருப்பான், அதைச் சொல்ல அவனுக்கு ஆசையா இருக்கும். அவன் சொன்ன பொருளை வைச்சு உங்கட வாழ்த்தை எழுதுங்கோ. சீலை எண்டால், என்ன நிறம், அம்மா எங்க உடுத்துக்கொண்டு போனவ எண்டு கேட்டால் போதும்.

சிட்டைக்காரி | 1 ஜூலை 2025, காலை 7.30

வகுப்பறைக்குச் சொன்ன கடன். தங்கச்சிக்கு ரீச்சர் நியமனமெண்டால் ரெண்டு வாழ்த்தாப் பிரியுங்கோ. வேலைக்கு வாழ்த்து நியமனக் கடிதம் கிடைச்ச அண்டைக்கே. சம்பளத்துக்கு வாழ்த்து, சம்பளம் உண்மையா விழுந்த பிறகு. புது அரச நியமனத்துக்குக் கோப்புத் திறந்து, சம்பளப் பட்டியலில பேர் ஏறுறதுக்கு நேரம் எடுக்கலாம், முதல் சம்பளம் பிந்தி நிலுவையோட சேர்ந்து வரலாம். மாச முடிவில "சம்பளம் வந்திட்டுதோ, ட்ரீட் எங்க" எண்டு கேட்டால், வராத ஆள் ஒவ்வொருத்தருக்கும் காரணம் சொல்லவேண்டி வரும்.

பகிடிக்கு ரீச்சர் வேலையில பஞ்சமில்லை. "இனி வீட்டிலயும் கை உயர்த்தித்தான் கதைக்கோணுமோ ரீச்சர்?" எண்டு போடுங்கோ. தங்கச்சி எண்டபடியால் கொஞ்சம் கூடக் கடிக்கலாம்.

வகுப்பறை | 1 ஜூலை, காலை 7.52

சரியாச் சொன்னீங்கள், அவளுக்கு இன்னும் சம்பளம் விழேல்லை. கை உயர்த்துற பகிடியை இப்பவே அனுப்புறன்.

நெல்லியடியான் | 1 ஜூலை, மாலை 5.40

பதில் சொல்ல மறந்திட்டன். நேற்று இரவே கோல் எடுத்திட்டான். சேட்டு வரியை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினவனாம். அரை மாசக் கணக்கையும் ஈபிஎஃப்பையும் அவனே சொன்னான், அக்கா சொன்ன அதே 27,600தான். பே சிலிப்பின்ர அடியில கொம்பனி போட்ட 3,600ஐ அவன் பாக்கேல்லை, நான் சொல்லித்தான் எடுத்துப் பாத்தவன். பிறகு 55 வயசுக்காரனுக்கு வாழ்த்துச் சொன்னன், கணக்குப் பகுதி எண்டபடியால் விழுந்து விழுந்து சிரிச்சான்.

கொக்குவிலான் | 31 ஜூலை 2025, இரவு 8.15

இண்டைக்கு அவனுக்கு ரெண்டாம் சம்பளம், முழு மாசம். 60,000இல 4,800 போனால் 55,200. இப்பவாவது ட்ரீட் கேக்கலாம்தானே? நல்லூரும் கொடியேறீட்டுது, றியோவுக்குப் போக நல்ல நேரம்.

சிட்டைக்காரி | 31 ஜூலை, 8.40

திருவிழா நேரம் றியோவில நிக்க இடமிருக்காது. கேக்கிறதெண்டால் ஒரு ஆளுக்கு ஒரு கோன் எண்டு அளவைச் சொல்லிக் கேளுங்கோ. "ட்ரீட்" எண்டு மொட்டையாக் கேட்டால் எத்தினை பேர், என்ன சாப்பாடு எண்டு அவர்தான் கணக்குப் போட்டுப் பயப்படோணும். நான் கேக்கவே வேண்டாமெண்டுற பக்கம்.

திண்ணை | 31 ஜூலை, 9.05

நான் உங்களை விடக் கொஞ்சம் இளக்கம். கூட்டாளிமாருக்கு வாங்கிக் குடுக்கிறதும் ஒரு சந்தோசம், அதை அவனிட்ட இருந்து பறிக்கவும் கூடாது. முதல் தடவை நீங்கள் வாங்கிக் குடுங்கோ, ரெண்டாம் தடவை அவன் தானாக் காசை எடுப்பான்.

கொக்குவிலான் | 31 ஜூலை, 9.11

முதல் தடவை ஆர் வாங்குறது, நானோ? நெல்லியடியானுக்கு இன்னும் வேலையில்லை.

நெல்லியடியான் | 31 ஜூலை, 9.20

உங்களுக்கு எங்கட ஆள் கோன் ஒண்டு வாங்கி வைச்சிருக்கிறானாம் அண்ணை, சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு முன்னம் வரட்டாம். பிந்தினால் சனத்துக்கை வண்டில் விடவும் இடமில்லை. நீலச் சேட்டோட நிப்பான், பிடிச்சுக்கொள்ளுங்கோ.